சனிக்கிழமை மாத்திரை

மருந்துக்கடையில் மாத்திரையைப் போட்டுத் தரும் அந்தச் சின்னக் காகிதக் கவரைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் பேனாவால் 1-0-1 என்றோ 1-0-0 என்றோ கிறுக்கியிருக்கும். காலை, மதியம், இரவு. படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட அந்தக் கணக்கு புரியும். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்தை அந்த மூன்று கட்டங்களில் எழுத வழியே இல்லை. மெத்தோட்ரெக்சேட் விஷயத்தில் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முட்டியும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் எழுந்தால் கொஞ்ச நேரம் நொண்டி நடக்கும் குழந்தைகளுக்கு, மூட்டுவாதம் என்று உறுதியானபின் தரப்படும் முக்கியமான மருந்து இது. ஆரம்பத்தில் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. (இதற்கு முன்னோடியான அமினோப்டெரினை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) மூட்டுவாதத்துக்குத் தேவைப்படுவது மிகச் சிறிய அளவு, அதுவும் வாரம் ஒருமுறைதான். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பும் ஒரு பொறிதான். வலி குறையவில்லையே என்று யாராவது ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். எடை 24 கிலோ, உயரம் 122 செ.மீ. இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் உடலின் பரப்பு சுமார் 0.9 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கம். டாக்டர் 12.5 மி.கி. எழுதுகிறார்: 2.5 மி.கி. மாத்திரை ஐந்து, சனிக்கிழமை இரவு. மறுநாள் குமட்டினாலும் பள்ளி இல்லை. நாலு வாரத்துக்கு இருபது மாத்திரை. கூடவே ஃபோலிக் ஆசிட், அது வேறு நாட்களில். இரண்டும் குட்டி மஞ்சள் மாத்திரைகளாகவே பல கடைகளில் கிடைப்பது இன்னொரு சங்கடம்.

வீட்டில் மருந்து கொடுப்பது அப்பத்தா. கவரில் '5 - இரவு' என்று மட்டும் இருக்கிறது. தினமும் ஐந்து போகிறது. நாலே நாளில் மாத்திரை தீர்ந்துபோக, சித்தப்பா போய் இன்னும் இருபது வாங்கி வருகிறார். ஆறாம் நாள் குழந்தையின் வாயில் புண். "சூடுதான் தாயி, மோர் குடி" என்கிறாள் அப்பத்தா. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வருகிறது. எட்டாம் நாள் மறுபடி அட்டை காலி. இரண்டு மாதம் வரவேண்டிய 100 மி.கி. எட்டே நாளில் உள்ளே போய்விட்டது. அன்று இரவு காய்ச்சல்.

வாரத்தில் ஒருநாள் ஐந்து மாத்திரையைத் தாங்குகிற உடம்பு, அதையே தினமும் ஏன் தாங்குவதில்லை? புது அணுக்களை உருவாக்க உடம்புக்குத் தேவையான ஃபோலிக் சத்தின் பாதையை இந்த மருந்து அடைக்கிறது. வாரம் ஒருமுறை அடைத்தால் மிச்ச நாட்களில் உடம்பு சுதாரித்துக்கொள்ளும். தினமும் அடைத்தால் அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. வேகமாகப் பெருகும் அணுக்கள்தான் முதலில் அடிவாங்கும்: வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் வாய்ப்புண் முதலில் தெரிகிறது. வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் வருவதும், தட்டணு குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் எழுவதும் அதன் பின்னால். வாய்ப்புண்ணைப் பார்த்த அன்றே மருந்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும், காய்ச்சல் வரும்வரை காத்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்போது வீட்டில் ஃபோலிக் ஆசிடை அள்ளிக் கொடுப்பதில் பயனில்லை. அதுவும் அடைபட்ட அதே பாதை வழியாகத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் ஃபோலினிக் ஆசிட் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும். கூடவே சலைன், ரத்தப் பரிசோதனை, காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக். பெற்றோர் சொல்லவேண்டிய ஒரு விஷயம், எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்பது. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாகவே காட்டலாம். மருந்து அணுக்களுக்குள் போய்ப் பதுங்கியிருக்கும். அந்த ஒரு சோதனையை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஐரோப்பிய மருந்து ஆணையம் 2019இல், வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கையைப் பெட்டியிலேயே அச்சிடச் சொன்னது. நம் வீட்டில் அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது, சீட்டிலும் கவரிலும் கிழமையை எழுத்தில் எழுதி வாங்குவது. 'சனி' என்று எழுதினால் போதும். 'திங்கள்' என்று எழுதினால் மாதம் என்றும் படிக்கலாம், என்ன செய்ய! மாத்திரையின் அளவையும் கடையில் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2.5க்குப் பதில் 10 மி.கி. தந்துவிட்டால் ஐந்து மாத்திரை 50 ஆகிவிடும்.

இன்னொரு காவல் கல்லாவில் இருப்பவரிடம் இருக்கிறது. நாலு வாரத்துக்கான இருபது மாத்திரை வாங்கிப்போன சித்தப்பா ஐந்தாம் நாள் மறுபடி வந்து நின்றாரே, அப்போது "போன வாரம்தானே வாங்கினீங்க, எப்படித் தீர்ந்துச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தால், குழந்தைக்கு வாய்ப்புண் வரும் முன்பே மாத்திரை நின்றிருக்கும்.