மிக்சி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒளியும் பூஞ்சை

குழாய் வழியாக உணவு பெறுபவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் வீட்டில் கஞ்சியையும் காய்கறியையும் வேகவைத்து, பிறகு மிக்சியில் அரைத்துக் கொடுக்கிறோம். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். வேகும்போது கிருமிகள் பெரும்பாலும் அழிகின்றன. ஆனால் அரைத்த பிறகு அந்த உணவு மீண்டும் அடுப்பில் ஏறுவதில்லை. ஜாரில் பூஞ்சையோ கிருமியோ இருந்தால், அது அப்படியே நோயாளியின் வயிற்றுக்குச் செல்லும். தேங்காய்ச் சட்னிக்கும் இதுவே பொருந்தும்.

2013-இல் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். நிறுவனம் வீட்டுச் சமையலறைப் பொருட்களை ஆராய்ந்தபோது, அரைக்கும் கருவியின் ரப்பர் வளையத்தில் சால்மோனெல்லா, ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்களும், ஈஸ்ட்டும் பூஞ்சையும் காணப்பட்டன. கழற்றாமலேயே கழுவப்படும் பகுதி என்பதே அதற்குக் காரணம்.

எப்படி வளர்கிறது?

காலையில் சட்னி அரைத்த சிறிய ஜாரை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப் பாலும் பொட்டுக்கடலை மாவும் மூடியின் வளையத்திற்கு அடியில் உள்ள பள்ளத்தில் புகுகின்றன. ஜாரில் தண்ணீர் ஊற்றிச் சுற்றிவிட்டுக் கவிழ்த்தால் ஜார் சுத்தமாகத் தெரியும். பள்ளத்தில் இருப்பது வெளியேறாது. ஈரத்துடனேயே மூடி போட்டு அலமாரியில் வைத்தால், பூஞ்சைக்கு வேண்டிய உணவும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் துணிகூட எளிதில் உலர்வதில்லை. அந்தப் பள்ளம் எப்படி உலரும்?

கண்டறிய ஒரு சோதனை உண்டு. வளையத்தைக் கழற்றி, பள்ளத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கருமையோ வழவழப்போ ஒட்டினாலும், புளித்த நாற்றம் வந்தாலும் அந்த மூடியை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

கழுவும் முறை

முதலில் மிக்சியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்டியின் காம்பால் வளையத்தை நெம்பி எடுங்கள். கத்தி பயன்படுத்தினால் ரப்பர் கீறும், அந்தக் கீறலிலும் பூஞ்சை தங்கும். மூடியின் நடுவே உள்ள சிறு மூடியையும் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இதற்கென்றே ஒதுக்கிய பழைய பல் துலக்கியால் வளையத்தின் இருபுறமும் பள்ளம் முழுவதும் தேயுங்கள். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் அதன் நுண்தூள் காற்றில் பறக்கும். ஆகவே நனைத்த பின்பே தேய்க்கவேண்டும். இந்த வேலையை நோயாளி செய்ய வேண்டாம்.

சோப்பு நீர் போக அலசிய பின், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனையற்ற திரவ பிளீச் கலந்து, வளையத்தையும் மூடியையும் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். பிளீச்சுடன் வினிகர், எலுமிச்சைச் சாறு அல்லது வேறு கழுவும் திரவம் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

கடைசியாக உலர்த்துதல். வளையத்தை மூடியில் பொருத்தாமல், மூடி, வளையம், ஜார் மூன்றையும் தனித்தனியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்கு உலர்ந்த பிறகே பொருத்தவேண்டும். தினமும் பயன்படுத்திய உடனே வளையத்தைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால், பிளீச் ஊறல் வாரம் ஒருமுறை போதும்.

கழுவியும் போகாதபோது

பூஞ்சை ரப்பருக்குள் இறங்கிவிட்டால் கருமை நீங்காது. கரும்புள்ளிகள் நிலைத்துவிட்டாலோ, ரப்பர் வெடித்தாலோ, பிசுபிசுத்தாலோ வளையத்தை மாற்றிவிடுங்கள். மிக்சி பழுதுபார்க்கும் கடைகளில் அது தனியாகவே கிடைக்கும். ஜாரின் அடியில் இருந்து கருநிற நீர் கசிந்தால் பிளேடின் அடியில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே புகும் உணவைக் கழுவி எடுக்க முடியாது. நாமே பிளேடைக் கழற்ற முயலாமல், கடையில் கொடுத்துப் புஷ்ஷை மாற்றும் வரை அந்த ஜாரை நோயாளியின் உணவுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

யார் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்?

நல்ல உடல்நலம் உள்ளவருக்குச் சிறிதளவு பூஞ்சையால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களது எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அத்தகையோர் வீட்டில் இருந்தால், நோயாளியின் உணவுக்கென ஒரு ஜாரைத் தனியே ஒதுக்கி, சட்னிக்கும் மசாலாவுக்கும் அதைத் தொடாதிருங்கள். கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், காரணம் உணவா வேறெதுவா என்று வீட்டில் ஆராய்ந்து காலம் கடத்தாமல், உடனே சிகிச்சை அளிக்கும் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.