நான்கு அறைகள், நான்கு பிள்ளைகள் அல்ல

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பன்னெட் கட்டம் வரைவது கடினமில்லை. நான்கு அறைகள் போட்டு, எழுத்துகளை நிரப்பி, 3:1 என்று விடையெழுதிவிடுவார்கள். ஆனால், "முதல் மூன்று செடிகளும் பச்சைக் காய் காய்த்துவிட்டன, நான்காவது என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள். "மஞ்சள்" என்ற பதில் தயங்காமல் வரும். நான்கு அறைகளையும் நான்கு பிள்ளைகளாக எண்ணிக்கொள்வதால் வரும் பிழை இது. இதைத் திருத்த இரண்டு நாணயங்கள் போதும்.

பட்டாணிக் காயின் நிறத்தை எடுத்துக்கொள்வோம். கிரெகர் மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் உள்ள ஏழு பண்புகளில் இதுவும் ஒன்று. பச்சைக் காய்ச் செடியையும் மஞ்சள் காய்ச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் பச்சையாகவே காய்த்தது. அந்தச் செடிகளைத் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ள விட்டபோது, அடுத்த தலைமுறையின் 580 செடிகளில் 428 பச்சையும் 152 மஞ்சளும் கிடைத்தன. பச்சை ஓங்கு பண்பு; அதை G என்போம். மஞ்சள் ஒடுங்கு பண்பு, அது g. விதையின் நிறத்தில் இது தலைகீழ்: அங்கே மஞ்சள்தான் ஓங்கு. மாணவர்கள் குழம்பாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி விளையாட்டு. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, தலைப் பக்கத்தில் G என்றும் பூப் பக்கத்தில் g என்றும் எழுதிய தாளை ஒட்டுங்கள். ஒரு நாணயம் மகரந்தத்தைத் தரும் பெற்றோர், மற்றொன்று சூலைத் தரும் பெற்றோர். இருவரிடமும் G, g இரண்டும் உண்டு. ஆனால் சுண்டிவிட்டால் ஒரு முகம்தான் மேலே வரும். இனச்செல் உருவாகும்போது நடப்பதும் இதுதான்: ஜோடியில் ஒன்று மட்டுமே அதில் போய்ச் சேர்கிறது. கட்டத்தின் ஓரத்தில் G, g என்று பிரித்து எழுதாமல் Gg என்று சேர்த்தே எழுதும் மாணவருக்கு, நாணயம் தன் தவறைக் காட்டிவிடும்.

இரண்டையும் ஒன்றாகச் சுண்டினால் அது ஒரு கருவுறுதல். அதிலிருந்து ஒரு செடி. என்னென்ன வரலாம் என்பதைத்தான் கட்டம் காட்டுகிறது:

| | G | g |
|---|---|---|
| G | GG பச்சை | Gg பச்சை |
| g | Gg பச்சை | gg மஞ்சள் |

நான்கு அறைகளுக்கும் சம வாய்ப்பு. ஆகவே ஒவ்வொரு செடியும் பச்சையாக இருக்க 4இல் 3 பங்கு வாய்ப்பு உண்டு. முன்னால் வந்தவை எந்த நிறமானாலும் இது மாறாது. நாணயத்துக்கு நினைவு கிடையாது. நான்கு முறை சுண்டினால் மூன்று பச்சையும் ஒரு மஞ்சளும் சரியாக அமைய 64இல் 27 வாய்ப்புதான், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 42. நான்கும் பச்சையாகவே வர நூற்றுக்கு 32 வாய்ப்பு உண்டு.

வகுப்பில் 20 ஜோடி மாணவர்கள் ஜோடிக்கு 20 முறை சுண்டட்டும். ஒரு ஜோடிக்கு 12 பச்சை வரும், இன்னொன்றுக்கு 18 வரும். யார் கணக்கும் தவறில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் கூட்டினால் 400 சுண்டல்களில் பச்சை பெரும்பாலும் 283க்கும் 317க்கும் இடையில் நிற்கும். எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் 3:1ஐ நெருங்குவதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். மெண்டல் நூற்றுக்கணக்கில் செடிகளை எண்ணியதும் இதனால்தான்.

மொத்தத்தில் பச்சை கால்பங்கே இருந்தால், Ggயை மஞ்சளாக எண்ணியிருக்கிறார்கள். பாதியளவு இருந்தால், ஒரு நாணயத்தை மட்டும் பார்த்து நிறம் எழுதியிருக்கலாம்.

இன்னொரு தப்பெண்ணமும் இங்கே உடையும். ஓங்கு பண்பு என்றால் அடிக்கடி வருவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நாணயத்தில் Gயும் gயும் சமமாகத்தான் விழுகின்றன. ஒரே ஒரு G இருந்தாலும் காய் பச்சையாகிவிடுவதால்தான் பச்சை மிகுதி. ஒரு பெற்றோரின் நாணயத்தில் இருபுறமும் g ஒட்டிப் பாருங்கள். அதே பச்சை இப்போது பாதியாகக் குறைந்துவிடும்.

நாணயத்துக்கும் எல்லை உண்டு. ஒரே ஜீன் ஜோடி தீர்மானிக்கும் பண்புக்கே இது பொருந்தும். மனிதரின் உயரம், தோல் நிறம் போன்றவற்றைப் பல ஜீன்களும் சூழலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன; அவற்றை இரண்டு நாணயங்களால் விளக்க முயலக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டத்தை முதலில் வரைந்து காட்டாதீர்கள். நாணயத்தைச் சுண்டச் சொல்லி, எண்ணச் சொல்லி, ஏன் பச்சை மிகுதி என்று கேளுங்கள். கட்டம் அந்தக் கேள்விக்கு விடையாக வரட்டும்.