'வரை' எங்கே போனது?

பாப்பாரப்பட்டி டீக்கடையில் காலைப் பேப்பரை முதலில் எடுப்பவர் விரிப்பது மாவட்டப் பக்கத்தைத்தான். அங்கே 'தொழிற்சாலை விரிவாக்கம்' என்று நாலு காலத்தில் ஒரு செய்தி இருந்தால், அடுத்த அரை மணிக்கு அதே பேச்சு. இந்த ஊரிலும் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலும் படித்து முடித்த பிள்ளைகள் வேலை என்றதும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்தான் பார்க்கிறார்கள். அதனால் பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "ஏங்க, நம்ம பொண்ணுக்கு எப்போ கூப்புடுவாங்க?"

அந்த 'எப்போ'வுக்கு விடை செய்தியில் பெரும்பாலும் இருக்காது. ஆங்கில மூலத்தில் இருந்திருக்கும். தமிழுக்கு வரும் வழியில் உதிர்ந்திருக்கும். எங்கே உதிர்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிரஸ் நோட் வரும் வழி இதுதான். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, வக்கீலும் நிதிப் பிரிவும் பார்த்து ஒப்புதல் தந்த வரைவு, பி.ஆர். ஏஜென்சிக்குப் போகும். அங்கிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு. அவருக்குக் கிடைக்கும் நேரம் சில மணி நேரம்தான். தமிழ்ப் பிரதி சாயங்காலம் நிருபரின் மெயிலுக்கு வரும், சில சமயம் பழைய எழுத்துருவில் அடித்து, திறந்தால் பூச்சி பூச்சியாக. நிருபர் அதைச் சரிசெய்து டெஸ்க்குக்கு அனுப்புவார். டெஸ்க் இடத்துக்குத் தகுந்தபடி வெட்டித் தலைப்புப் போடும். ஆங்கில வரைவில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்த வக்கீல், இந்தத் தமிழ்ப் பிரதியைப் படிப்பது அபூர்வம்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை, முதலீடு ரூ.2,400 கோடி, ஏறக்குறைய 10,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஆலை எழுந்தது. முதலில் ஆண்டுக்கு 20 லட்சம் வண்டி, முழுத் திறனை எட்டும்போது 1 கோடி, அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு ஸ்கூட்டர் என்றார்கள். 2021 செப்டம்பரில், ஆலை முழுக்கப் பெண்களே இயக்குவார்கள், முழுத் திறனில் 10,000 பெண்களுக்கு வேலை என்றும் அறிவிப்பு வந்தது.

இந்த எண்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள்: 'ஏறக்குறைய', 'முதலில்', 'முழுத் திறனை எட்டும்போது'. டெஸ்க்கில் இடம் போதாவிட்டால் முதலில் விழுவது இவைதான். மிஞ்சுவது '10,000 பெண்களுக்கு வேலை'. ஆங்கிலத்தில் 'அப் டு' என்பது எண்ணுக்கு முன்னால் வரும், எண்ணைப் படிப்பவர் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். தமிழில் அதே வேலையைச் செய்யும் 'வரை' எண்ணுக்குப் பின்னால் வருகிறது. '3,000 பேர் வரை' என்றால் கண் 3,000-இலேயே நின்றுவிடும். தலைப்பில் இரண்டு எழுத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் உதவி ஆசிரியருக்கு 'வரை' மாதிரி வசதியான பலி வேறில்லை. 'முழுத் திறனில்' என்பதற்கும் அதே கதிதான்.

அந்தச் சொல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஓலா பங்குச் சந்தைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அப்போது முதலீட்டாளர்களுக்குத் தந்த ஆவணத்தில், ஆலையின் நிறுவப்பட்ட திறன் ஆண்டுக்கு 10 லட்சம் வண்டி என்று இருந்தது. 2023-24 நிதியாண்டில் கம்பெனி கொடுத்த வண்டிகள் சுமார் 3.3 லட்சம். 1 கோடி, 20 லட்சம், 10 லட்சம், 3.3 லட்சம். நான்கும் ஒரே ஆலையைப் பற்றியவை. இவற்றில் எதுவும் பொய் என்று சொல்லவில்லை. முதல் இரண்டும் திட்டம். மூன்றாவது, போட்டிருக்கும் எந்திரங்களால் செய்ய முடிந்த அளவு. நான்காவது, வாடிக்கையாளர் கைக்குப் போனது. தமிழில் 'உற்பத்தித் திறன்', 'உற்பத்தி' என்று இரண்டு சொல் இருக்கின்றன. அவசரத்தில் 'திறன்' விழுந்தால் திட்டம் நடப்பாகிவிடும்.

இரண்டு விநாடிக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 86,400 விநாடி. இரண்டு விநாடிக்கு ஒன்று என்றால் 1 கோடி வண்டிக்கு 2 கோடி விநாடி வேண்டும். இரவு பகல் நிற்காமல் ஓடினால் சுமார் 231 நாளில் முடியும். ஆக, 1 கோடிக்கு அது பொருந்துகிற கணக்குதான். ஆனால் 10 லட்சம் என்றால், ஆண்டில் 300 நாள், நாள் முழுக்க ஓட்டினாலும் 26 விநாடிக்கு ஒன்று. 3.3 லட்சம் என்றால் 79 விநாடிக்கு ஒன்று. 'இரண்டு விநாடி' என்பதைத் தனியாக எடுத்துத் தலைப்பில் போட்டால் அது எந்த ஆண்டின் கணக்கு என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

மில்லியனிலும் ஒரு வழுக்கல் உண்டு. 10 மில்லியன் என்றால் 1 கோடி. மொழிபெயர்ப்பாளர் களைப்பில் மில்லியனை லட்சம் என்று எழுதிவிட்டால் பத்தில் ஒன்றாகக் குறைந்து 10 லட்சம் ஆகும். பில்லியனைக் கோடியாக்கினால் நூறில் ஒன்றாகிவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி, எண்ணைத் தெரிந்த ஓர் எண்ணோடு ஒட்டிப் பார்ப்பது. 2023-24-இல் இந்தியா முழுக்க எல்லாக் கம்பெனிகளும் உள்நாட்டில் விற்ற இருசக்கர வண்டிகள் சுமார் 1.8 கோடி. ஒரே ஆலை 1 கோடி என்று பிரஸ் நோட் சொன்னால் டெஸ்க் திரும்பிக் கேட்க வேண்டும். எண் தப்பாக இல்லாமல் இருக்கலாம்; ஆனாலும் 'எந்த ஆண்டுக்குள்?' என்ற கேள்வி அங்கேயே எழும்.

விரிவாக்கம் என்றாலே ஆள் கூடும் என்பது இன்னொரு நினைப்பு. 2023 பிப்ரவரியில் ஓலா அரசோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது. இந்த முறை மின்சாரக் கார், பேட்டரி செல், முதலீடு ரூ.7,614 கோடி, வேலை 3,111 பேருக்கு. முதலீடு மூன்று மடங்கைத் தாண்டியது, வேலை மூன்றில் ஒன்றுக்கும் கீழே சுருங்கியது. வகுத்துப் பார்த்தால் முதல் ஒப்பந்தத்தில் ஒரு வேலைக்கு ரூ.24 லட்சம், இரண்டாவதில் சுமார் ரூ.2.45 கோடி. செல் தயாரிப்பு பெரும்பாலும் எந்திரத்தின் வேலை, தூசி புகாத அறையில் தானாக ஓடும் வரிசைகள். ஆள் குறைவாகத்தான் தேவைப்படும். பிரஸ் நோட்டில் முதலீடும் வேலையும் பக்கத்துப் பக்கத்து வரியிலேயே இருக்கும். வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அதற்கும்கூட நமக்கு நேரமில்லை.

சரி, நல்ல தமிழ்ப் பிரதி எப்படி இருக்கும்? ஒரு கற்பனை வரைவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் அடியொற்றி வரும் பிரதி இப்படி இருக்கும்: 'உணவுப் பதப்படுத்துதலில் உலகளாவிய முன்னணி நிறுவனமாகத் திகழும் எங்கள் குழுமம், தனது அதிநவீன ஆலையின் இரண்டாம் கட்ட விரிவாக்கத்தை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறது. இது 3,000 நேரடி மற்றும் மறைமுக வேலைவாய்ப்புகளை உருவாக்கும் ஆற்றலைக் கொண்டுள்ளது.'

ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் அருகருகே நிற்கும். அதை அப்படியே தமிழுக்கு இழுத்தால் அடைமொழிகளெல்லாம் முன்னால் குவிந்து, விஷயம் கடைசியில் வந்து சேரும். அதற்குள் வாசகர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார். அதையே இப்படி எழுதலாம்: 'மாங்கூழ் ஆலையில் இன்னொரு எந்திர வரிசை போடப்படுகிறது. இப்போது மணிக்கு 5 டன் பழம் அரைக்கிறார்கள், இது வந்தால் 8 டன் அரைக்கலாம். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் முடிக்கத் திட்டம். முழு அளவில் ஓடினால் ஆலைக்குள் 400 பேர் வரை வேலைக்கு எடுக்கப்படலாம். பழம் பறிப்பது, ஏற்றி இறக்குவது, லாரி என்று வெளியே கிடைக்கும் வேலைகளையும் சேர்த்து 3,000 வரை போகும் என்று நிறுவனம் மதிப்பிடுகிறது. வேலை பெரும்பாலும் பெங்களூரா மாம்பழ சீசன் மாதங்களில்தான்.' நேரடி, மறைமுகம் என்று ஒரே மூட்டையில் கட்டியதை அவிழ்த்தாலே வாசகருக்குத் தெரிந்துவிடும், கம்பெனி கேட்டுக்கு உள்ளே இடம் எத்தனை என்று. நிர்வாக இயக்குநர் ஆங்கிலத்தில் சொன்னதை மேற்கோள்குறிக்குள் செந்தமிழில் போடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் அப்படிப் பேசவில்லை. 'என்று அவர் தெரிவித்தார்' போதும்.

ஆங்கில வரைவின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னவை எல்லாம் எதிர்பார்ப்புகளே, மாறலாம் என்று அது சொல்லும். தமிழ்ப் பிரதியில் அதைச் சலிப்பூட்டும் சட்டப்பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துச் செய்திக்குள் போட்டால் போதும்.

பிரஸ் நோட்டுக்கு அப்பால் சரிபார்க்க இடம் உண்டு. பட்டியலிடப்பட்ட கம்பெனி முக்கியமான விரிவாக்கத்தைப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று செபி வரையறுத்திருக்கிறது: இப்போதைய திறன், அதில் எவ்வளவு பயன்படுகிறது, எவ்வளவு கூட்டப் போகிறார்கள், எந்தக் காலத்துக்குள், எவ்வளவு முதலீடு, பணம் எங்கிருந்து, என்ன காரணம். ஒரு அடைமொழிகூட அதில் கேட்கப்படவில்லை. தமிழ்ப் பிரதி எழுதுபவர் இந்த ஏழையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாலே பாதி வேலை முடிந்தது. அதில் 'எவ்வளவு பயன்படுகிறது' என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். பாதி எந்திரம் சும்மா நிற்கும் ஆலை விரிவாக்கம் அறிவித்தால், ஆள் எடுப்பது உடனே நடக்காது.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் ஆலையானால், அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் குறைந்தது இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தரவேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை. எல்லா ஆலைக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில், அந்தச் சின்ன விளம்பரக் கட்டத்திலிருந்து அனுமதிக் கடிதத்தைத் தேடிப் போனால், எதற்கு எவ்வளவு அனுமதி என்பது நாலு காலச் செய்தியைவிடத் தெளிவாகத் தெரியும்.

'ஞானபானு' நடத்திய சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊர் பாப்பாரப்பட்டி. இங்கே பேப்பர் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த விரிவாக்கச் செய்தி வரும்போது எண்ணோடு நின்றுவிடாமல், அதற்குப் பின்னால் 'வரை' இருக்கிறதா, முன்னால் 'முழுத் திறனில்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிருபருக்கு ஒரு போன் போட்டு, மூலத்தில் இருந்ததா என்று கேளுங்கள்.