நீள ஸ்நார்கெல் ஏன் உதவாது?

ஒரு மீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் சுமார் 314 மில்லி காற்று அடங்கும். நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் இழுப்பது 500 மில்லி. அதில் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே தங்கிவிடும். மிச்சக் கணக்கைப் பாருங்கள்: நுரையீரலின் காற்றறைகளுக்குப் புதிதாகச் சேர்வது வெறும் 36 மில்லி! மற்றதெல்லாம் நாமே வெளியேவிட்ட பழைய காற்று.

ஒருவழி வால்வு பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் நீரழுத்தம் தீராது. நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால், அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் கூடுதலாக 100 கிராம் எடையளவு அழுத்துகிறது. உள்ளேயோ மேற்பரப்புக் காற்றின் அழுத்தம்தான். திடமான ஆணின் மூச்சுத்தசைகள் முழு மூச்சாக இழுத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் முடியும், அதுவும் சில விநாடிகளே. ஸ்நார்கெலை ஒருபோதும் குழாய் ஒட்டி நீட்டாதீர்கள்.