பதினைந்து நிமிடத்தில் என் பங்கு ஒன்றரை நிமிடம்

கிண்ணியாவிலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் படிக்கப் போனவள் நான். இறுதி வருடத்தில் கம்பனிகள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பார்கள். முதலில் குழுக் கலந்துரையாடல், அடுத்தது நேர்முகப் பரீட்சை. முதல் தடவை கலந்துரையாடலில் நான் வாயே திறக்கவில்லை. என் பெயர் அடுத்த கட்டத்துக்கு வரவில்லை. இரண்டாம் தடவைக்கு நான் என்ன மாற்றினேன் என்பதைத் தங்கைமாருக்கும், அவர்களுடைய உம்மா, வாப்பாவுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பத்துப் பேர், பதினைந்து நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடந்தான் வரும். அதை அரை நிமிடமாக மூன்று தடவை பேசினால் போதும். ஓரமாக இருந்து புள்ளியிடுபவர்கள் சத்தத்தை அளப்பதில்லை. சொன்னதில் விஷயம் இருந்ததா, மற்றவர் சொன்னதைக் கேட்டாளா, பேச்சை முன்னே நகர்த்தினாளா என்றே பார்க்கிறார்கள். கேட்பது கூச்ச சுபாவமுள்ளவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் கேட்டாள் என்பது அவள் பேசினால்தான் தெரியும்.

எங்களுக்குத் தந்த தலைப்பு, ‘திருகோணமலைத் துறைமுகம் கைத்தொழிலுக்கா, சுற்றுலாவுக்கா?’ இருவர் தொழிற்சாலை என்றார்கள், ஒருவர் கடற்கரை என்றார். முதல் மூன்று நிமிடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். பிந்தினால் நாம் நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார், கூச்சமும் கூடிவிடும். அறை அமைதியாகட்டும் என்று காத்திருந்தால் இடம் கிடைக்காது. பேசுபவர் வசனத்தை முடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்து, சற்று முன்னே சாய்ந்து, அவர் சொன்னதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நான் சொன்னது இது: “நீங்கள் சொன்ன தொழிற்சாலைகள் சீனன்குடாப் பக்கம், துறைமுகத்தின் உட்புறத்தில் இருக்கின்றன. மா ஆலையும் சீமெந்து ஆலையும் அங்கேதான். இவர் சொன்ன நிலாவெளியும் புறாத்தீவும் வடக்கே வெளிக்கடல் பக்கம். அதனால் எதை எங்கே வைப்பது என்று பேசினால் நல்லது.” பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

இரண்டாம் தடவை ஒரு தகவல் சொன்னேன். சீனன்குடாவில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றில் 61ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. நம் ஊரைப் பற்றி இப்படி நான்கைந்து உறுதியான தகவல்கள் கையிலிருந்தால் பல தலைப்புகளுக்கு உதவும். ஆனால் சந்தேகமான இலக்கத்தைச் சொல்லக் கூடாது. ஒருவர் மறுத்தால் மிச்ச நேரமெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் தடவை, கடைசி இரண்டு நிமிடத்தில், எல்லாரும் உடன்பட்டதையும் உடன்படாததையும் இரண்டு வசனத்தில் தொகுத்தேன்.

நேர்முகப் பரீட்சையில் என்னை உலுக்கிய கேள்விகள் இரண்டு. ஒன்று, “உங்கள் பலவீனம் என்ன?” ‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்று பாடமாக்கிய பதிலை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்: “கூட்டத்தில் பேசத் தயங்குவேன். அதனால் கூட்டத்துக்கு முன் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் எழுதிக்கொண்டு போகிறேன். இந்த வருடம் எங்கள் குழுவின் ஆய்வறிக்கையை வகுப்பில் சமர்ப்பித்தது நான்தான்.” குறை, அதற்குச் செய்வது, அதற்கு ஒரு சான்று. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பதில். ஆனால் நாள் முழுக்க வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு இந்தப் பதில் பொருந்தாது. எனக்குக் கிடைக்கவிருந்தது கணக்குப் பிரிவு வேலை.

மற்றக் கேள்வி, “கொழும்பில் வேலை தந்தால் வருவீர்களா?” முன்பு நான் “வாப்பாவிடம் கேட்க வேண்டும்” என்றிருந்தேன். வாப்பாவிடம் கேட்பதில் தவறில்லை. நேர்முகத்துக்குப் பிறகு கேட்கலாம் என்று விட்டதுதான் தவறு. எதிரே இருப்பவருக்கு அது ‘வரமாட்டாள்’ என்றே கேட்கும். “வருவேன்” என்று பொய் சொல்லி, நியமனக் கடிதம் வந்த பிறகு மறுப்பது அதைவிடக் கெடுதல்.

இரண்டாம் தடவை ஒரு கிழமைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசினோம். எங்கே தங்குவது, எத்தனை மாதம், எப்போது வீட்டுக்கு வருவது என்று உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சாச்சி வீட்டில் ஆறு மாதம் நிற்கட்டும்” என்றார். நேர்முகத்தில் நான் அதையே சொன்னேன்: “ஆறு மாதப் பயிற்சிக்கு வருவேன், தங்குமிடம் இருக்கிறது. அதன் பின் திருகோணமலைக் கிளையில் இடமிருந்தால் அதை விரும்புவேன்.” குரல் நடுங்கியது. ஆனால் பதிலில் தடுமாற்றம் இருக்கவில்லை.

இப்போது சாச்சி வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: ‘வேண்டாம்’ என்பதுதான் உங்கள் முடிவென்றாலும், அதை நேர்முகத்துக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அவள் ஊரிலேயே உள்ள வேலைக்கு நேராக விண்ணப்பிப்பாள்.