பத்து அட்டை, இருநூறு இம்பெல்லர்

கோவையில் தண்ணீர் பம்ப் பூட்டும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 80 பம்ப். மூலையில் மூன்று வாரத்துக்குப் போதுமான கேசிங் குவிந்து கிடக்கும். ஆனால் இம்பெல்லர் தீர்ந்துபோய் வேலை நிற்கும். பணம் முடங்குவதும் வேலை முடங்குவதும் ஒரே கூரையின் கீழ்.

ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ இதற்கு விடை தேடியபோது, அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். அங்கே வாடிக்கையாளர் எடுத்த சரக்கு மட்டுமே அலமாரியில் மீண்டும் நிரம்பும். 1953 வாக்கில் தன் எந்திரப் பிரிவில் அவர் இதைச் செய்து பார்த்தார். 1962-ல் அது நிறுவனம் முழுவதும் பரவியது. தகவல் சொல்ல அவர் பயன்படுத்தியது ஓர் அட்டை. ஜப்பானியர் அதைக் ‘கான்பன்’ என்றார்கள். அறிவிப்புப் பலகை என்று பொருள்.

பட்டறையில் இம்பெல்லர்கள் 20 கொள்ளும் பெட்டிகளில் வருகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை: பொருளின் பெயர், எண்ணிக்கை, அனுப்புபவர், வைக்கும் இடம். பெட்டியிலிருந்து முதல் இம்பெல்லரை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றித் தபால் பெட்டியில் போட வேண்டும். அந்த அட்டைதான் ஆர்டர். அட்டை வராமல் சப்ளையர் ஒன்றுகூட அனுப்பக் கூடாது.

எத்தனை அட்டை வேண்டும்? கழற்றிய அட்டை நிரம்பிய பெட்டியோடு திரும்பி வர ஆகும் நேரத்தை முதலில் அளக்க வேண்டும். அட்டை சேகரிக்க அரை நாள், கடைசல் வேலைக்கு ஒரு நாள், வண்டியில் வர அரை நாள். ஆக இரண்டு நாள். அதற்குள் 160 இம்பெல்லர் செலவாகும், அதாவது 8 பெட்டி. வண்டி தாமதமானாலும் சில துண்டுகள் கழிவானாலும் சமாளிக்கக் கால்பங்கு கூட்டினால் 10 பெட்டி, 10 அட்டை. ஆகவே பட்டறையிலும் வழியிலுமாகச் சேர்த்து 200-க்கு மேல் இம்பெல்லர் எப்போதும் இருக்காது.

பலர் தவறுவது அந்த நேரத்தில்தான். கடைசல் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு நாளுக்கு 4 பெட்டி, கால்பங்கோடு 5 அட்டை. முதல் அட்டை திரும்பி வருமுன்பே, இரண்டாம் நாள் முற்பகலில் ஐந்து பெட்டியும் காலி. பெட்டி காலியான பிறகு அட்டையைக் கழற்றுவதும் இதே வினைதான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மணி நேரம் வீணாகும். அட்டை தொலைந்தாலோ, ஒரு பெட்டி சுற்றிலிருந்தே மறைந்துவிடும். அதனால் அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டு வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஆர்டர் வரும் மாடலுக்கும், கப்பலில் பல வாரம் கழித்து வரும் பேரிங்குக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றை வழக்கம்போல முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியதுதான்.

மற்றவற்றுக்குப் பெட்டிகளே நிலவரம் சொல்லும். புதுப் பெட்டி வந்து சேரும்போதெல்லாம் பழைய பெட்டிகள் மூன்று திறக்கப்படாமல் நிற்கின்றன, இப்படியே ஒரு மாதம் போகிறது என்றால், மேற்பார்வையாளர் ஓர் அட்டையை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிடலாம். கடைசிப் பெட்டி அடிக்கடி திறக்கப்பட்டால், அது திரும்ப வெளியே வரும்.