வட்டியில்லா முன்பணத்துக்கு வட்டி எவ்வளவு?

விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் காட்டில் புரட்டாசி மழையை நம்பி மிளகாய், உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். விதை, உரம், களையெடுப்புக் கூலி என்று எல்லாச் செலவும் அந்த ஓரிரு மாதங்களில் வந்து நிற்கும். அப்போது கேட்டவுடன் பணம் கொடுப்பவர் கமிஷன் கடைக்காரர்தான். "வட்டி வேண்டாம், விளைந்ததை என் கடைக்கே கொண்டுவந்து போடு" என்பது மட்டுமே நிபந்தனை.

வட்டி இல்லை என்பது உண்மைதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயி புரட்டாசியில் 40,000 ரூபாய் வாங்குகிறார். பங்குனியில் 8 குவிண்டால் வத்தல் தேறுகிறது. அன்றைய சந்தை விலை கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்த மதிப்பு 1,20,000 ரூபாய். கடன் பட்டவருக்குக் கடையில் போடும் விலை 140 ரூபாய் என்றால், அதிலேயே 8,000 ரூபாய் குறைகிறது. குவிண்டாலுக்கு 2 கிலோ கழிவு என்று 16 கிலோ போனால் இன்னும் 2,240 ரூபாய். மிச்சத்துக்கு 5 சதவீதக் கமிஷன் 5,488 ரூபாய். ஆக, அவர் இழந்தது 15,728 ரூபாய். ஆறு மாதத்துக்கு வாங்கிய 40,000 ரூபாய்க்கு இதுதான் விலை. மாதத்துக்கு நூற்றுக்கு ஆறரை ரூபாய் வட்டி என்று கேட்டிருந்தால் அவர் கடை வாசலையே மிதித்திருக்க மாட்டார்.

இந்த வட்டி எந்தச் சீட்டிலும் இருக்காது. விலையிலும் தராசிலும் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடன் இல்லாத பக்கத்துக் காட்டுக்காரர் அதே நாளில் அதே ரக வத்தலை என்ன விலைக்குப் போட்டார், அவருக்கு எவ்வளவு கழிவு பிடித்தார்கள் என்று விசாரித்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மழை பொய்த்தால் அவர் பணமும் சேர்ந்து முடங்கும். ஆனால் அவரிடம் போவதைத் தவிர வேறு வழி இல்லாதவர் யார் என்று பார்த்தால் சாதி தெரிகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. அதற்கு அடங்கல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழும் தலித் விவசாயி பெயரில் அடங்கல் கிடைப்பதில்லை. எழுதிக் கொடுத்தால் குத்தகை உரிமை கேட்பார் என்று நிலக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். அடகு வைக்க நகையும் இல்லாதவருக்கு மிஞ்சுவது கமிஷன் கடைதான்.

முடிச்சை அவிழ்க்க அறுவடை நேரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. கோவில்பட்டி போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் வியாபாரியைச் சேர்ந்தது. அங்கே விளைபொருளை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். 180 நாள் வரை தவணை உண்டு. மேலே சொன்ன விவசாயிக்கு 90,000 ரூபாய் வரை கிடைக்கும். அதில் 40,000 ரூபாயைக் கடைக்காரரிடம் ரொக்கமாக அடைத்துவிட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வத்தல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துச் சோடையாகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த புரட்டாசியில் அந்தக் கடைக்காரர் பணம் தர மறுக்கலாம் என்பது. அதனால் ஒருவர் தனியாகச் செய்வதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து செய்வதே பாதுகாப்பு. குத்தகை விவசாயிகள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கிக் கடன் கேட்கவும் வழி இருக்கிறது.

ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன், சரக்கைத்தான் போட வேண்டும் என்று மிரட்டினால் என்ன செய்வது? 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். செங்கல் சூளையில் அடைத்து வைப்பதை மட்டும் அது கொத்தடிமை என்று சொல்லவில்லை. முன்பணத்துக்கு ஈடாக, தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை ஒருவர் இழப்பதையும் அதன் விளக்கத்தில் சேர்த்திருக்கிறது. எல்லா முன்பணமும் இதற்குள் வந்துவிடாது. கட்டாய உழைப்போ, ஓரளவாவது கட்டாயப்படுத்திய உழைப்போ இருப்பதாகத் தெரிய வேண்டும். கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் அந்தக் கடனே ரத்தாகிவிடும்.

மனுவை மாவட்ட ஆட்சியரிடமோ, கோவில்பட்டி கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். இச்சட்டப்படி அமைக்க வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் மூன்று பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். மனுவுக்குச் சான்று வேண்டும் என்பதால், பணம் வாங்கும் அன்றே தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சரக்குப் போடும் அன்று எடை, விலை, கழிவு, கமிஷன் நாலையும் தனித்தனியாகக் காட்டும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த நோட்டை அவர்கள் பொறுப்பில் விடலாம். இந்த வருசத்து வட்டி எவ்வளவு என்பதை அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.